1,379 புள்ளி சரிந்தும் நட்டம்

2024 ஜூன் 4, செவ்வாய்க்கிழமை. மக்களவைத் தேர்தல் வாக்குகள் எண்ணப்பட்ட நாள். அதற்கு முந்தைய சனிக்கிழமை மாலை வெளியான கருத்துக் கணிப்புகள் ஆளும் கூட்டணிக்கு அமோக வெற்றி என்று சொல்லியிருந்தன. அதை நம்பித் திங்கட்கிழமை நிஃப்டி 733 புள்ளிகள் ஏறி 23,263.90-ல் முடிந்தது. செவ்வாய்க்கிழமை எண்ணிக்கை தொடங்கி, பா.ஜ.க. தனிப் பெரும்பான்மையைத் தொடாது என்று தெரியத் தெரிய, சந்தை கவிழ்ந்தது. இடையில் 21,281.45 வரை போய், கடைசியில் 21,884.50-ல் நின்றது. ஒரே நாளில் 1,379.40 புள்ளி இழப்பு, ஏறக்குறைய 6 சதவீதம்.

திங்கட்கிழமை மாலை சந்தையில் மூன்று வகை ஆட்கள் இருந்திருப்பார்கள். ஏறும் என்றவர், இறங்கும் என்றவர், பிறகு மூன்றாமவர். “எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நாளைக்குச் சும்மா இருக்காது, பெரிதாக நகரும்” என்பது அவருடைய கட்சி. அப்படிப்பட்டவர் வாங்குவதுதான் லாங் ஸ்ட்ராடில். ஒரே பங்கு அல்லது குறியீட்டின் மீது, ஒரே விலையில், ஒரே காலாவதித் தேதியில், ஒரு கால் ஆப்ஷனும் ஒரு புட் ஆப்ஷனும் சேர்த்து வாங்குவது.

மறுநாள் நடந்ததைப் பார்த்தால் அந்த மூன்றாமவர் ஜெயித்தார் என்றுதான் யாரும் சொல்வார்கள். அவர் சொன்னது அப்படியே பலித்தது. ஆனால் வாங்கியதைக் கையிலேயே வைத்துக்கொண்டு வியாழக்கிழமை காலாவதி வரை காத்திருந்திருந்தால், அவருக்கு நட்டம் வந்திருக்கக்கூடும். சந்தை அவர் வாங்கிய விலையிலிருந்து 400 புள்ளிக்கு மேல் தள்ளி முடிந்தும் நட்டம். இது எப்படி என்பது ஸ்ட்ராடிலின் காலாவதிக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும். கணக்கு கூட்டல் கழித்தலைத் தாண்டாது.

முதலில் அவர் கையில் இருப்பது என்ன? கால் ஆப்ஷன் என்பது, குறித்த விலைக்கு மேல் நிஃப்டி முடிந்தால் அந்த வித்தியாசத்தைப் பெறும் உரிமை. புட் ஆப்ஷன் என்பது, அந்த விலைக்குக் கீழே முடிந்தால் வித்தியாசத்தைப் பெறும் உரிமை. குறித்த அந்த விலையை ஸ்ட்ரைக் என்கிறார்கள். நிஃப்டி என்பது ஒரு குறியீடு. அதை யாரும் மூட்டை கட்டி வாங்கவோ கொடுக்கவோ முடியாது என்பதால் எல்லாம் பணமாகவே தீர்க்கப்படுகிறது. வியாழக்கிழமை சந்தை மூடிய பிறகு நிஃப்டியின் முடிவு விலை எது என்று பார்த்து, வித்தியாசம் கணக்கில் ஏறும். அந்த முடிவு விலை கடைசி நொடியில் திரையில் தெரிந்த எண் அல்ல. குறியீட்டில் உள்ள பங்குகளின் கடைசி அரை மணி நேர வர்த்தகத்தை எடைபோட்டு எடுத்த சராசரியிலிருந்து வருவது. வியாழக்கிழமை மூன்று மணிக்கு மேல் ஓர் எண்ணைப் பார்த்துக் கணக்குப் போட்டவர்கள், அன்று இரவு கணக்கில் வேறோர் எண்ணைப் பார்ப்பது இதனால்தான்.

இந்த உரிமைக்கு விலை உண்டு. அதுதான் பிரீமியம். வாங்கும்போதே முழுதாகக் கட்டிவிட வேண்டும். உரிமை பயன்பட்டாலும் பயன்படாவிட்டாலும் அது திரும்பி வராது.

நம் மூன்றாமவர் திங்கட்கிழமை மாலை 23,250 ஸ்ட்ரைக்கைத் தேர்ந்தெடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிஃப்டி ஆப்ஷன்களில் ஸ்ட்ரைக்குகள் 50 புள்ளி இடைவெளியில் இருப்பதால், 23,263.90-க்கு மிக நெருக்கமானது இதுதான். ஜூன் 6 காலாவதியாகும் கால் ஆப்ஷன் 375 ரூபாய், புட் ஆப்ஷன் 345 ரூபாய் என்று எடுத்துக்கொள்கிறேன். நிஃப்டியின் எண்கள் நடந்தவை; இந்த இரண்டு விலைகள் மட்டும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. தேர்தல் முடிவுக்கு முந்தைய மாலைக்குப் பொருந்தக்கூடிய அளவில்தான் வைத்திருக்கிறேன்.

இரண்டும் சேர்த்து 720. அப்போது நிஃப்டியின் ஒரு லாட் 25. ஆக, அவர் கட்டியது 18,000 ரூபாய். அவர் இழக்கக்கூடிய அதிகபட்சத் தொகையும் அதுதான். வாங்கியவருக்கு அதற்கு மேல் யாரும் பணம் கேட்டு வரமாட்டார்கள்.

இப்போது காலாவதி நாளுக்குப் போவோம். அன்று மாலை நிஃப்டி எங்கே முடிந்தாலும், அவர் வாங்கிய இரண்டில் ஒன்று கட்டாயம் செத்துப்போகும். 23,250-க்கு மேல் முடிந்தால் புட்டுக்கு மதிப்பில்லை. கீழே முடிந்தால் காலுக்கு மதிப்பில்லை. சரியாக 23,250-ல் முடிந்தால் இரண்டுமே போய்விடும். மற்றபடி உயிரோடிருக்கும் அந்த ஒன்று, 23,250-லிருந்து நிஃப்டி எத்தனை புள்ளி தள்ளியிருக்கிறதோ அத்தனை ரூபாயைக் கொடுக்கும். மேலேயா கீழேயா என்பது முக்கியமே இல்லை, தூரம்தான் கணக்கு.

ஆகவே காலாவதி நாளின் லாப நட்டம் முழுவதும் ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. நிஃப்டியின் முடிவு விலை S, ஸ்ட்ரைக் K, காலின் விலை C, புட்டின் விலை P என்றால்:

```
|S − K| − (C + P)
```

இரண்டு நேர்கோடுகளுக்கு நடுவில் உள்ள S − K-யின் அடையாளத்தைப் பார்க்க வேண்டாம், அளவை மட்டும் எடுத்தால் போதும். நிஃப்டி 22,250-ல் முடிந்தாலும் 24,250-ல் முடிந்தாலும் தூரம் 1,000. அதில் 720 கழித்தால் 280 லாபம். 23,000-ல் முடிந்தாலும் 23,500-ல் முடிந்தாலும் தூரம் 250. 720 கழித்தால் 470 நட்டம். காகிதத்தில் வரைந்தால் V எழுத்து கிடைக்கும். அதன் கூர்முனை ஸ்ட்ரைக்குக்கு நேர்கீழே, 720 நட்டத்தில் நிற்கும். அங்கிருந்து இரண்டு கைகளும் ஒரு புள்ளிக்கு ஒரு ரூபாய் என்ற வேகத்தில் மேலே ஏறும்.

அந்தக் கைகள் எங்கே லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்ற கோட்டைத் தொடுகின்றனவோ, அவைதான் பிரேக்-ஈவன் புள்ளிகள். நிஃப்டி நகர்ந்த தூரமும் கட்டிய பிரீமியமும் சமமாகும் இடங்கள் அவை. மேலே 23,250 + 720 = 23,970. கீழே 23,250 − 720 = 22,530. இந்த இரண்டுக்கும் வெளியே எங்கே முடிந்தாலும் லாபம், உள்ளே எங்கே முடிந்தாலும் நட்டம். நடுவில் கிடக்கும் அந்த நட்டப் பகுதி 1,440 புள்ளி அகலம், அதாவது பிரீமியத்தைப் போல இரண்டு மடங்கு. கீழ்ப் புள்ளி இன்னொரு வகையில் வேடிக்கையானது: கருத்துக் கணிப்புக்கு முன், மே 31 வெள்ளிக்கிழமை நிஃப்டி முடிந்தது 22,530.70-ல். திங்கட்கிழமை உற்சாகத்தில் ஏறியதை அப்படியே திருப்பிக் கொடுத்தாலும் நம் ஆளுக்கு அசல்தான் மிஞ்சும் என்று அர்த்தம்.

புதியவர்கள் அடிக்கடி வழுக்கும் இடம் இங்கேதான் இருக்கிறது. காலுக்கு 375 கொடுத்தோம், ஆகவே 23,625-க்கு மேல் போனால் கால் லாபம். புட்டுக்கு 345 கொடுத்தோம், ஆகவே 22,905-க்குக் கீழே போனால் புட் லாபம் என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டு, அவையே ஸ்ட்ராடிலின் எல்லைகள் என்று எண்ணிவிடுகிறார்கள். தனித்தனியே வாங்கியிருந்தால் அது சரி. சேர்த்து வாங்கும்போது, உயிரோடிருக்கும் ஒன்று தன் விலையை மட்டும் அல்ல, செத்துப்போன மற்றதன் விலையையும் சம்பாதித்துக் கொடுக்க வேண்டும். அதனால்தான் எல்லைகள் இரண்டு பக்கமும் இன்னும் வெளியே தள்ளிப் போகின்றன. மேல் எல்லை 23,625-லிருந்து 23,970-க்கு, கீழ் எல்லை 22,905-லிருந்து 22,530-க்கு.

இந்த வித்தியாசம் வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. ஜூன் 6 வியாழக்கிழமை நிஃப்டி முடிந்தது 22,821.40-ல். திங்கட்கிழமை புட் மட்டும் வாங்கியவருக்குக் கிடைத்தது 428.60, தான் கட்டிய 345 போக 83.60 லாபம். ஸ்ட்ராடில் வாங்கியவருக்குக் கிடைத்ததும் அதே 428.60-தான். அவர் கட்டியதோ 720. புள்ளிக்கு 291.40 நட்டம், லாட்டுக்கு 7,285 ரூபாய். திசையைச் சரியாகச் சொன்னவர் லாபத்தில் போனார். திசை தெரியாது என்று ஒப்புக்கொண்டவர் அந்த ஒப்புதலுக்கு 375 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருந்தார்.

இன்னொரு சின்ன விஷயம். எல்லைகளின் நடுப்புள்ளி ஸ்ட்ரைக்தானே தவிர, வாங்கிய நேரத்துச் சந்தை விலை அல்ல. நம் கணக்கில் நிஃப்டி 23,263.90-ல் இருந்தபோது வாங்கினார். அங்கிருந்து மேல் எல்லைக்கு 706.10 புள்ளி, கீழ் எல்லைக்கு 733.90 புள்ளி. வித்தியாசம் சொற்பம். ஆனால் அதே மாலையில் 22,900 ஸ்ட்ரைக்கை ஒருவர் எடுத்திருந்தால், V முழுவதும் இடப்பக்கம் நகர்ந்துவிடும். மேல் எல்லை பக்கத்தில் வந்துவிடும், கீழ் எல்லை எட்டாத தூரத்துக்குப் போய்விடும். அது ஸ்ட்ராடில் என்ற பெயரில் ஏற்றத்துக்குச் சாய்ந்த பந்தயம். நடுநிலை என்று சொல்லிக்கொண்டு வாங்குபவர் ஸ்ட்ரைக்கை எங்கே வைத்தார் என்று பார்த்தால் அவர் மனசு தெரிந்துவிடும்.

V-யின் வடிவத்தைப் பற்றியும் ஒரு சொல். முழு 720-ஐயும் இழப்பது கூர்முனையில் மட்டும்தான், அதாவது நிஃப்டி சரியாக 23,250-ல் முடிந்தால். அது நடப்பது அரிது. எப்போதும் ஏதோ கொஞ்சம் திரும்பி வரும். இதைச் சொல்லி ‘முழுதாகப் போகாது’ என்று விற்பவர்கள் உண்டு. சொல்வது பொய்யல்ல. ஆனால் உள்ளே எங்கே விழுந்தாலும் நட்டம்தான் என்பதையும், அந்த உள்பகுதி 1,440 புள்ளி அகலம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லாபப் பக்கத்தில் மேல் கைக்கு முடிவில்லை. கீழ்க் கைக்கு உண்டு. நிஃப்டி பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது என்பதால் அதிகபட்ச லாபம் 22,530 ரூபாய், கீழ் எல்லைக்குச் சமமான அதே எண். இது முழுமைக்காகச் சொல்வது, நடைமுறைக்கு உதவாது.

இனி அந்த மூன்று நாளைப் பார்ப்போம். கதையின் சாரம் அங்கேதான்.

செவ்வாய்க்கிழமை நிஃப்டி 21,281.45-ஐத் தொட்டபோது, புட்டின் உள்ளார்ந்த மதிப்பு, அதாவது அந்த விலையிலேயே காலாவதி ஆனால் கிடைக்கக்கூடியது, 1,968.55 ரூபாய். 720 போக 1,248.55. லாட்டுக்கு 31,000 ரூபாய்க்கு மேல் லாபம், போட்டது 18,000. அன்று மாலை 21,884.50-ல் முடிந்தபோதும் மதிப்பு 1,365.50, லாபம் 645.50, லாட்டுக்கு 16,137.50 ரூபாய். இவை வெறும் உள்ளார்ந்த மதிப்பின்படி. காலாவதிக்கு இரண்டு நாள் மிச்சமிருந்ததாலும், சந்தையில் பதற்றம் உச்சத்தில் இருந்ததாலும், உண்மையில் விற்கப் போயிருந்தால் இதைவிடக் கூடுதலாகவே கிடைத்திருக்க வாய்ப்புண்டு. இறந்துபோன மாதிரி இருந்த காலுக்குக்கூட யாராவது கொஞ்சம் கொடுத்திருப்பார்கள்.

புதன்கிழமை காட்சி மாறியது. பா.ஜ.க.வுக்கு 240 இடங்கள்தான், ஆனால் கூட்டணிக்கு 293. பெரும்பான்மைக்குத் தேவை 272. கூட்டணிக் கட்சிகள் டெல்லியில் கூடி மோதியைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தன. ஆட்சி மாறாது என்று தெரிந்ததும் நிஃப்டி 735 புள்ளிக்கு மேல் திரும்ப ஏறி 22,620.35-ல் முடிந்தது. இந்த எண்ணை நம் எல்லைகளோடு வைத்துப் பாருங்கள். 22,530-க்கு மேலே வந்துவிட்டது. முந்தின நாள் எல்லைக்கு வெளியே 645 புள்ளி தள்ளி நின்றது, ஒரே நாளில் உள்ளே திரும்பியிருந்தது. வியாழக்கிழமை மேலும் 201 புள்ளி ஏறி 22,821.40. கணக்கு முடிந்தது.

ஸ்ட்ராடில் வாங்கியவர் எதிர்பார்த்தது நகர்வு. நகர்வு வந்தது, அதுவும் இரண்டு தடவை வந்தது. முதல் நகர்வு ஸ்ட்ரைக்கை விட்டு விலகிப் போனது, இரண்டாவது ஸ்ட்ரைக்கை நோக்கித் திரும்பியது. காலாவதிக் கணக்குக்கு இந்தப் போக்குவரத்தெல்லாம் தெரியாது. இடையில் எத்தனை ஆயிரம் புள்ளி ஓடினாலும், கடைசி நாள் மாலை ஸ்ட்ரைக்கிலிருந்து எத்தனை புள்ளி தள்ளி நிற்கிறது என்பதை மட்டும்தான் அது பார்க்கும்.

அப்படியானால் பிரேக்-ஈவன் புள்ளிகள் எதற்கு என்று கேட்கலாம். அவை காலாவதி நாளுக்கு மட்டும் உரியவை என்பதுதான் பதில். நிஃப்டி ஆப்ஷன்கள் ஐரோப்பிய வகை. காலாவதிக்கு முன் உரிமையைப் பயன்படுத்த முடியாது. ஆனால் சந்தையில் வேறொருவருக்கு எப்போது வேண்டுமானாலும் விற்றுவிடலாம். அப்படி இடையில் விற்கும்போது கிடைக்கும் விலை வேறு கணக்கில் ஓடுகிறது. மிச்சமிருக்கும் காலம், அந்தக் காலத்தில் சந்தை எவ்வளவு ஆடும் என்ற எதிர்பார்ப்பு, இந்த இரண்டும் அதில் சேரும். காலாவதிக்கு முன் V-க்குக் கூர்முனை இருக்காது. அடிப்பகுதி வளைந்து, கொஞ்சம் மேலே மிதந்தபடி இருக்கும். நாள் ஆக ஆக அது கீழே இறங்கி, கடைசி மாலையில்தான் கூர்மையாகும்.

இந்த எதிர்பார்ப்பு என்ற சரக்கின் விலைதான் தேர்தல் மாதிரியான நாட்களில் ஏமாற்றிவிடுகிறது. இதைச் சோதிக்க ஒரு சுருக்கு வழி உண்டு. ஸ்ட்ரைக் சந்தை விலைக்கு அருகில் இருந்தால், ஸ்ட்ராடிலின் விலை ஏறத்தாழ இப்படி இருக்கும்: குறியீட்டின் அளவை ஆண்டு ஏற்ற இறக்க சதவீதத்தால் பெருக்கி, அதை மிச்சக் காலத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி, வருவதில் ஐந்தில் நான்கு பங்கு. மூன்று வர்த்தக நாள் என்றால் காலம் 252-ல் 3. அதன் வர்க்கமூலம் 0.109. ஏற்ற இறக்கம் 13 சதவீதம் என்று சந்தை நினைக்கும் அமைதியான வாரமாக இருந்தால், அதே 23,264-ல் மூன்று நாள் ஸ்ட்ராடில் ஏறத்தாழ 264 ரூபாய்தான் வரும். 720 கொடுக்கிறோம் என்றால், சந்தை மனத்தில் வைத்திருக்கும் ஏற்ற இறக்கம் 35 சதவீதத்துக்கு மேல்.

அதாவது, ‘நாளைக்குப் பெரிதாக நகரும்’ என்பது நம் மூன்றாமவர் மட்டும் கண்டுபிடித்த ரகசியம் அல்ல. விற்றவருக்கும் அது தெரியும். தெரிந்துதான் 264-ஐ 720 ஆக்கியிருக்கிறார். ஸ்ட்ராடிலின் விலையையே ‘மூன்று நாளில் ஸ்ட்ரைக்கிலிருந்து சராசரியாக இவ்வளவு தூரம் போகும்’ என்ற சந்தையின் மதிப்பீடாகப் படிக்கலாம். இங்கே அது 3.1 சதவீதம். ஆகவே வாங்குபவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, பெரிதாக நகருமா என்பதல்ல. ஏற்கெனவே விலையில் ஏறியிருக்கும் 3.1 சதவீதத்தைவிடக் கூடுதலாக நகருமா, நகர்ந்த பின் வியாழன் மாலை வரை அங்கேயே நிற்குமா? இரண்டாவது பாதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

நிகழ்வு முடிந்ததும் இந்த எதிர்பார்ப்பு விலை கரைவதும் அதனால்தான். வாக்கு எண்ணி முடித்து, யார் ஆட்சி என்று தெரிந்த பிறகு 35 சதவீத ஏற்ற இறக்கத்துக்கு யாரும் காசு கொடுக்கமாட்டார்கள். சந்தையின் பதற்றத்தை அளக்கும் இந்தியா விக்ஸ் ஜூன் 5-ல் வேகமாக இறங்கியது. ஒருவேளை கருத்துக் கணிப்பு சொன்னபடியே முடிவு வந்து, செவ்வாய்க்கிழமை நிஃப்டி வெறும் 300 புள்ளி ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கால் ஏறியிருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் புட் அடியோடு விழுந்திருக்கும், காலில் இருந்த எதிர்பார்ப்பு விலையும் கரைந்திருக்கும். சந்தை சரியான நாளில் நகர்ந்தும், மாலைக்குள் பாதிப் பணம் போயிருக்கக்கூடும்.

விற்றவரின் பக்கத்தையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். நம் ஆள் இழந்த 291.40 காற்றில் போகவில்லை; விற்றவருக்குப் போயிற்று. அவருடைய படம் இதே V-யைத் தலைகீழாகத் திருப்பியது. அதிகபட்ச லாபம் 720, நட்டத்துக்கு எல்லை இல்லை, பிரேக்-ஈவன் அதே 22,530-ம் 23,970-ம். வியாழக்கிழமை மாலை அவர் சிரித்திருக்கலாம். செவ்வாய்க்கிழமை நடுப்பகலில் புள்ளிக்கு 1,200 ரூபாய்க்கு மேல் பள்ளத்தில் நின்றுகொண்டு, கூடுதல் மார்ஜின் கட்டச் சொல்லி வந்த அழைப்புகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருப்பார். கட்ட முடியாதவரின் கணக்கை அன்றே முடித்துவிடுவார்கள். கடைசியில் ஜெயித்திருக்கக்கூடிய பலர் நடுவிலேயே வெளியேற்றப்படுவது இப்படித்தான். இந்தப் பக்கத்தின் பிரபலமான பலி பேரிங்ஸ் வங்கி. அதன் சிங்கப்பூர் கிளையிலிருந்த நிக் லீசன், ஜப்பானின் நிக்கேய் குறியீடு குறுகிய எல்லைக்குள்ளேயே ஆடும் என்று நம்பி ஸ்ட்ராடில்களை விற்றிருந்தார். 1995 ஜனவரி 17-ல் கோபே நகரைப் பூகம்பம் தாக்கியது, நிக்கேய் சரிந்தது. சரிவைத் தடுக்க நினைத்து அவர் வாங்கிக் குவித்த ஃபியூச்சர்கள் நட்டத்தைப் பன்மடங்காக்கின. அடுத்த மாதமே வங்கி திவாலாகி, பிறகு ஒரு பவுண்டுக்குக் கைமாறியது.

மறுபடி நம் கணக்குக்கு. எல்லைகளைக் கொஞ்சம் அரித்துத் தின்னும் செலவுகளும் உண்டு. இரண்டு ஆர்டருக்கான தரகு, பரிவர்த்தனைக் கட்டணம், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து வாங்கும்போது 60 ரூபாய் என்று வைத்தால், 25-ஆல் வகுத்துப் புள்ளிக்கு 2.40. ஆக உண்மையான எல்லைகள் 22,527.60-ம் 23,972.40-ம். காலாவதியில் தானாகத் தீர்க்கப்படும் ஆப்ஷனுக்கு, வாங்கியவர் பங்குப் பரிவர்த்தனை வரி கட்ட வேண்டும். அன்றைய விகிதம் 0.125 சதவீதம். 428.60-ஐ 25-ஆல் பெருக்கிய 10,715 ரூபாயின் மீது 13 ரூபாய் சொச்சம். பொருட்படுத்த வேண்டியதில்லை.

ஆனால் 2019 செப்டம்பருக்கு முன் இது பொருட்படுத்த வேண்டிய விஷயமாக இருந்தது. அப்போது அந்த 0.125 சதவீதம், கிடைத்த வித்தியாசத்தின் மீது அல்ல, ஒப்பந்தத்தின் முழு மதிப்பின் மீது விதிக்கப்பட்டது. நம் உதாரணத்தில் அது 22,821.40-ஐ 25-ஆல் பெருக்கிய 5,70,535 ரூபாய். வரி 713 ரூபாய், புள்ளிக்கு 28.50. காலாவதியில் இரண்டு மூன்று ரூபாய் வித்தியாசத்தில் ‘லாபத்தில்’ முடிந்த ஆப்ஷனை விற்காமல் விட்டவர்கள், கிடைத்ததைவிடப் பல மடங்கு வரி கட்டிய கதைகள் தரகு அலுவலகங்களில் அப்போது சாதாரணம். அந்தக் காலத்துப் புத்தகங்களில் ‘காலாவதி வரை வைக்காதே, மூன்று மணிக்குள் விற்றுவிடு’ என்று காணப்படும் அறிவுரையின் வேர் இதுதான். வரி மாறிவிட்டது, அறிவுரை மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. லாட் அளவும் காலாவதிக் கிழமையும்கூட அதற்குப் பிறகு மாறிவிட்டன. நிஃப்டியின் வாரக் காலாவதி இப்போது செவ்வாய்க்கிழமை. எனவே பழைய உதாரணத்தின் ரூபாய்த் தொகையை அப்படியே எடுக்காமல், புள்ளிக் கணக்கை எடுத்து அன்றைய லாட்டால் பெருக்கிக்கொள்வதுதான் சரி.

கடைசியாக, இரண்டில் ஒன்றை மட்டும் விற்பது பற்றி. ஒன்றை விற்ற அந்த நொடியில் V மறைந்துவிடுகிறது. பழைய எல்லைகளும் போய்விடுகின்றன. செவ்வாய்க்கிழமை மாலை உள்ளார்ந்த மதிப்பான 1,365.50-க்கே புட்டை விற்று, காலை மட்டும் வைத்திருந்தவரை எடுத்துக்கொள்வோம். கட்டிய 720 ஏற்கெனவே திரும்பிவிட்டது, 645.50 கையில். இனி அவருக்குக் கீழே எல்லையே கிடையாது. வியாழக்கிழமை 23,250-க்கு மேல் போனால் அது கூடுதல், போகாவிட்டால் 645.50 அப்படியே. போகவில்லை. இதற்கு நேர்மாறாக, ‘கால் செத்துவிட்டது, வருவது வரட்டும்’ என்று காலை 10 ரூபாய்க்குத் தள்ளிவிட்டு, இன்னும் சரியும் என்று புட்டை வைத்துக்கொண்டவரிடம் இருந்தது வெறும் இறக்கப் பந்தயம். அவருடைய புட் 1,365.50-லிருந்து 428.60-க்கு வந்தது. காலுக்கு வாங்கிய 10 ரூபாயைச் சேர்த்தும் அவர் கணக்கு புள்ளிக்கு 281.40 நட்டத்தில் முடிந்தது.